குரூப் ரூம் ரேட்டும் இலவச இடமும்: ஹோட்டல் சேல்ஸ் மேனேஜருக்கு மெயில் போடுறப்ப அடிக்கடி வர்ற கேள்விகள்

காசிக்கு முதல் தடவையா 40 பேரை கூட்டிட்டு போறேன், ஹோட்டலுக்கு முதல் மெயில்ல என்ன எழுதணும்?

பாதி பேர் "40 பேருக்கு பெஸ்ட் ரேட் அனுப்புங்க"ன்னு ஒரே வரில போட்டுடுறாங்க, அதுக்கு பதில் வராது, வந்தாலும் எல்லாருக்கும் அனுப்புற அதே ரேட் ஷீட் தான் வரும். சேல்ஸ் மேனேஜருக்கு அன்னைக்கு அந்த மாதிரி முப்பது மெயில் வந்திருக்கும், அதுல எது நிஜமான குரூப் எது சும்மா விலை கேக்குறதுன்னு அவருக்கு தெரியாது. உங்களோடது நிஜம்னு அவருக்கு தெரியணும்னா தேதி, ரூம் எண்ணிக்கை, சாப்பாடு, எதுல வர்றீங்க, எப்ப முடிவு பண்ணுவீங்க, இந்த அஞ்சும் முதல் மெயில்லயே இருக்கணும்.

நான் திருச்சில இருந்து யாத்திரை குரூப் தான் பண்றேன், அதனால ஒரு காசி குரூப்பையே கடைசி வரைக்கும் உதாரணமா வச்சுக்கலாம். காசு குடுக்குற யாத்ரீகர்கள் 40 பேர், கூட எங்க டூர் மேனேஜர் ஒருத்தர், ஆளுங்களை சேர்த்துக் குடுத்த குழுத் தலைவர் ஒருத்தர், மொத்தம் 42 பேர், 21 டபுள் ரூம், 3 ராத்திரி. மெயில் இங்கிலீஷ்ல தான் போகும், விஷயம் இது தான்:

> பொருள்: 42 பேர் யாத்திரை குரூப், மார்ச் 9 முதல் 12 வரை, 21 டபுள் ரூம்
>
> வணக்கம் சார். திருச்சில இருந்து மூத்த யாத்ரீகர்கள் குரூப் ஒண்ணு காசிக்கு வருது. மார்ச் 9 திங்கள் செக்-இன், 12 வியாழன் செக்-அவுட், 3 ராத்திரி. 21 ரூம் வேணும், அதுல 20 ரூம் காசு குடுக்குற விருந்தினருக்கு, 1 ரூம் டூர் மேனேஜருக்கும் குழுத் தலைவருக்கும். குறைஞ்சது 12 ரூம்ல ரெண்டு தனித்தனி கட்டில் வேணும். காலை டிபனும் ராத்திரி சாப்பாடும் சேர்த்து ரேட் குடுங்க, சுத்த சைவம், பாதி பேருக்கு வெங்காயம் பூண்டு இல்லாம. ரெயில்ல வர்றோம், ஒரு பெரிய பஸ் கூட இருக்கும், நிறுத்த இடம் இருக்கான்னு சொல்லுங்க.
>
> வரி தனியா காட்டி, கமிஷன் சேர்க்காத நெட் ரேட் அனுப்புங்க. இலவச இடம் எத்தனைக்கு ஒண்ணு குடுப்பீங்கன்னு தனியா எழுதுங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வந்தா திங்கட்கிழமை நாங்க முடிவு சொல்லிடுவோம், அட்வான்ஸ் அதே வாரம் போட்டுடலாம்.

தனிக்கட்டில் விஷயத்தை இங்கேயே எழுதுறதுக்கு காரணம் இருக்கு. யாத்திரை குரூப்ல பாதிக்கு மேல அக்கா தங்கச்சி, சம்பந்தி, பக்கத்து வீட்டுக்காரம்மான்னு ஜோடி சேர்ந்து வர்றவங்க, அவங்களை ஒரே பெரிய கட்டில்ல படுக்க சொல்ல முடியாது. நிறைய ஹோட்டல்ல ரெட்டைக் கட்டில் ரூம் கம்மியா தான் இருக்கும், ரேட் எல்லாம் பேசி முடிச்சதுக்கப்புறம் "8 ரூம் தான் ட்வின் இருக்கு ஜி"ன்னு சொன்னா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

பஸ்ஸும் அப்படித் தான். காசில கங்கை ஓரத்து சந்துக்குள்ள பெரிய பஸ் போகவே போகாது, கண்டோன்மென்ட் பக்கம் தங்குனா பஸ் வாசல் வரைக்கும் வரும் ஆனா கோயிலுக்கும் படித்துறைக்கும் தினமும் போய்ட்டு வரணும். எந்தப் பக்கம் தங்குறோம்ங்குறதை மொதல்ல முடிவு பண்ணிட்டு அந்தப் பக்கத்து ஹோட்டல்களுக்கு மட்டும் மெயில் போடுங்க.

நாங்க தான் முதல்ல ஒரு விலை சொல்லணுமா, இல்ல அவங்க சொல்லட்டும்னு விடணுமா?

அவங்களையே சொல்ல விடுங்க. அவங்க மனசுல 3,000ன்னு இருக்கும், நீங்க 3,200 கேட்டுட்டா அந்த 200 போயே போச்சு.

நம்ம குரூப்புக்கு வந்த முதல் பதில்: ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 3,400 ரூபாய், டிபன் ராத்திரி சாப்பாடு சேர்த்து, வரி தனி. இலவச இடத்தை பத்தி ஒரு வார்த்தை இல்ல. கேட்டும் எழுதலைன்னா, வச்சுக்கிட்டு பேசலாம்னு நினைக்கிறாங்கன்னு அர்த்தம், அதை மறுப்பா எடுத்துக்க வேண்டாம்.

எஃப்ஓசின்னு சொல்றாங்களே, "15க்கு 1"ன்னா பதினஞ்சாவது ஆளு இலவசமா பதினாறாவது ஆளு இலவசமா?

இந்த ஒரு வரில தான் சண்டையே வரும். எஃப்ஓசின்னா காசு வாங்காம குடுக்குற இடம், அவ்வளவு தான். ஆனா அந்த "15க்கு 1"ல மூணு விஷயம் சொல்லாம இருக்கு.

முதல்ல, 15 பேர் காசு குடுத்தா பதினாறாவது ஆள் இலவசமா, இல்ல 15 பேர்ல ஒருத்தர் இலவசமா, அதாவது 14 பேர் தான் காசு குடுப்பாங்களா. ஹோட்டல்காரங்க பெரும்பாலும் முதல் அர்த்தத்துல தான் சொல்வாங்க, ஏஜென்ட் ரெண்டாவது அர்த்தத்துல கணக்கு போட்டு வச்சிருப்பாரு. "காசு குடுக்குற 15 பேருக்கு கூடுதலா 1 ஆள் இலவசம்"னு முழுசா எழுதிட்டா குழப்பம் இல்ல.

அடுத்தது, ஆள் கணக்கா ரூம் கணக்கா. "20க்கு 1"ன்னு ஒருத்தர் எழுதுனா அது 20 ஆளா 20 ரூமா? 40 பேர் குரூப்புக்கு ஆள் கணக்குல பார்த்தா 2 பேர் இலவசம், அதாவது ஒரு முழு ரூம். ரூம் கணக்குல பார்த்தாலும் 20 ரூமுக்கு 1 ரூம். ரெண்டும் ஒண்ணு போல தெரியும், குரூப் குறையுற வரைக்கும். குறைஞ்சா என்ன ஆகும்னு கீழ சொல்றேன்.

மூணாவது, அந்த இலவச இடத்துல என்னென்ன அடக்கம். ஆள் கணக்குல ஒருத்தர் இலவசம்னா அது "டபுள் ரூம்ல பாதி"ங்குற அர்த்தம், அவருக்கு தனி ரூம் கிடையாது, தனியா படுக்கணும்னா மிச்ச பாதிக்கு காசு. அதே மாதிரி ரூம் இலவசம், சாப்பாடு இலவசம் இல்லன்னு சில ஹோட்டல்ல பில் போடுவாங்க, டூர் மேனேஜர் மூணு நாள் சாப்பிட்டதுக்கு செக்-அவுட் நேரத்துல தனி பில் நீட்டுவாங்க. "இலவச இடத்துக்கும் அதே சாப்பாட்டுத் திட்டம்"னு நாலு வார்த்தை மெயில்ல இருந்தா போதும்.

இலவச ரூம் வாங்குறது லாபமா, ரேட்டையே குறைக்க சொல்றது லாபமா?

இலவச ரூம்ங்குறது வேற ஒண்ணும் இல்ல, வேற பேர்ல இருக்குற தள்ளுபடி. 20 ரூம் காசுக்கு 1 ரூம் இலவசம்னா 21ல ஒண்ணு, கிட்டத்தட்ட 5 சதவீதம். 15க்கு 1ன்னா 6 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. 10க்கு 1ன்னா 9 சதவீதம். இப்படி சதவீதமா மாத்திட்டா எந்த ஹோட்டல் ஆஃபரையும் இன்னொண்ணோட பக்கத்துல வச்சு பாக்கலாம்.

நம்ம குரூப்புக்கு ரெண்டு மூணு மெயில் போய் வந்ததுக்கப்புறம் மேனேஜர் ரெண்டு வழி குடுத்தாரு. ஒண்ணு, 3,100 ரூபாய், இலவசம் எதுவும் கிடையாது. ரெண்டு, 3,250 ரூபாய், 20 ரூமுக்கு 1 ரூம் இலவசம். பாத்தவுடனே முதல் வழி மலிவுன்னு தோணும், இல்லன்னா "ஒரு ரூம் ஃப்ரீ"ங்குறதுல மயங்கி ரெண்டாவதை எடுக்கத் தோணும்.

கணக்கு போட்டு பாப்போம். முதல் வழில 21 ரூம், 3 ராத்திரி, 63 தடவை 3,100 ரூபாய், அது 1,95,300. ரெண்டாவதுல 20 ரூமுக்கு மட்டும் காசு, 60 தடவை 3,250, அது 1,95,000. வித்தியாசம் மொத்தமாவே 300 ரூபாய் தான். 40 பேருக்கு பிரிச்சா வரிக்கு முன்னாடி தலைக்கு 4,880 ரூபாய்க்கு பக்கம், எந்த வழியா இருந்தாலும்.

அப்ப ரெண்டும் ஒண்ணு தானேன்னா, இல்ல. 40 பேரும் வந்தா தான் ஒண்ணு. யாத்திரை குரூப்ல ஒருத்தருக்கு முட்டி வலி, ஒரு வீட்டுல தீட்டு, ஒருத்தரோட பேரனுக்கு திடீர்னு நிச்சயதார்த்தம்னு கடைசி நேரத்துல நாலு பேர் கழண்டுக்குவாங்க, இது நடக்காத குரூப்பே நான் பாத்தது கிடையாது. 40 பேர் 36 ஆனா 18 ரூம் தான் காசு குடுக்குற ரூம், 20 ரூம்ங்குற கோடு தாண்டல, அதனால இலவச ரூமும் போச்சு. இப்ப 19 ரூமுக்கும் காசு குடுக்கணும், 57 தடவை 3,250, அது 1,85,250. முதல் வழில இருந்தா அதே 57 தடவை 3,100, வெறும் 1,76,700. 8,550 ரூபாய் நம்ம கையில இருந்து போகுது, வரி சேர்த்தா 9,000 ரூபாய்க்கு கிட்ட.

கவனிச்சீங்களா, அவரு 20 ரூமுக்கு 1ன்னு குடுத்தப்போ நம்ம குரூப் சரியா 20 ரூம்ல நின்னுச்சு. கோடு நம்ம எண்ணிக்கை மேலயே விழுந்திருக்கு. ஒரு ஜோடி குறைஞ்சாலே கீழ விழுந்துடுவோம். இலவச இடம் கேக்குறப்ப நம்ம எண்ணிக்கைக்கு நல்லா கீழ இருக்குற கோடா கேக்கணும், 20 ரூம் குரூப்புக்கு 15க்கு 1 கேட்டா அஞ்சு ரூம் குறையுற வரைக்கும் பயம் இல்ல.

அவங்க 15க்கு 1 தர மாட்டேன்னு ஒரே பிடியா நின்னா?

ஆள் கணக்குக்கு மாத்திக் கேளுங்க. "20 ரூமுக்கு 1 ரூம்"ங்குறதை "காசு குடுக்குற 20 பேருக்கு 1 ஆள், டபுள் ரூம்ல பாதி"ன்னு மாத்தி எழுத சொல்லுங்க. மேனேஜருக்கு 40 பேர் வர்றப்ப அதே செலவு தான், அதனால பெரும்பாலும் ஒத்துக்குவாரு. ஆனா நமக்கு 36 பேரா குறைஞ்சா முழுசா போகாது, ஒருத்தர் இலவசமா இருப்பாரு, இன்னொருத்தருக்கு பாதி ரூம் காசு மட்டும், 3 ராத்திரிக்கு 4,875 ரூபாய். மேல சொன்ன 1,85,250 இப்ப 1,80,375 ஆகும். 3,100 வழியை விட அப்பவும் கொஞ்சம் ஜாஸ்தி தான், ஆனா அடி பாதியா குறைஞ்சுது.

எனக்கு பழக்கம் இல்லாத குழுத் தலைவர் ஆள் சேர்த்த குரூப்னா நான் யோசிக்காம ரேட் குறைப்பை எடுத்துப்பேன், எத்தனை பேர் நிப்பாங்கன்னு தெரியாது. வருஷா வருஷம் வர்ற பழைய குழு, பணம் முழுசா கட்டியாச்சு, காத்திருப்புலயும் நாலு பேர் இருக்காங்கன்னா இலவச இடம் எடுக்கலாம்.

இதை நான் கத்துக்கிட்டது சுலபமா இல்ல. பல வருஷம் முன்னாடி வேற ஊர்ல ஒரு ஹோட்டல், 20 ரூமுக்கு 1ன்னு மெயில்ல தெளிவா எழுதியிருந்தாங்க, நான் தான் குரூப் ரெண்டு குடும்பம் குறைஞ்சப்போ அந்த வரியை திரும்ப பாக்கல. செக்-அவுட் காலைல பஸ் வாசல்ல நிக்குது, எல்லாரும் ஏறி உக்காந்தாச்சு, டூர் மேனேஜர் ரூமுக்கு முழு பில்லு. யாத்ரீகர்கள் கிட்ட போய் தலைக்கு இவ்வளவு குடுங்கன்னு கேக்க முடியுமா? சொன்ன காசு சொன்னது தான். அந்த ட்ரிப்ல என் லாபத்துல பெரும் பகுதி அந்த ஒரு ரூமுக்கே போச்சு. ஹோட்டல் மேல தப்பே இல்ல.

ரேட்டை 100 ரூபாய் கூட குறைக்க மாட்டேங்குறாரு, ஆனா இலவச ரூம்னா உடனே சரிங்குறாரு, ஏன்?

அவரு கஷ்டம் என்னன்னு தெரிஞ்சா புரியும். சேல்ஸ் மேனேஜரை மாசா மாசம் அளக்குறது வித்த ரூமுக்கு சராசரியா எவ்வளவு வந்துச்சுங்குறதை வச்சு, ஹோட்டல்காரங்க ஏஆர்ஆர், ஏடிஆர்னு சொல்வாங்க. 3,400ஐ 3,100 ஆக்குனா அந்த சராசரி கீழ போகும், மேல இருக்குறவங்க கேப்பாங்க. நிறைய ஹோட்டல்ல இலவச ரூமை அந்த சராசரில சேர்க்காம தனியா எழுதுவாங்க, அப்படின்னா 3,250 வித்ததா ரிப்போர்ட்ல நிக்கும். ரெண்டுலயும் ஹோட்டலுக்கு வர்ற காசு ஒண்ணு தான், ஆனா அவருக்கு எது லேசுன்னு பாருங்க.

இன்னொண்ணும் இருக்கு. இந்த வருஷம் 3,100 குடுத்தா அடுத்த வருஷம் நீங்க 3,100ல இருந்து தான் பேச்சையே ஆரம்பிப்பீங்கன்னு அவருக்கு தெரியும், பக்கத்து ஏஜென்டும் கேப்பாரு. அதனால "மேனேஜ்மென்ட் அப்ரூவல் வேணும் ஜி"ன்னு அவரு சொல்றது எப்பவும் சாக்கு இல்ல, நிஜமாவே அவரு கைல இருக்குற அளவு அவ்வளவு தான். அந்த நேரத்துல ரேட்டை விட்டுட்டு அவருக்கு செலவு கம்மியா நமக்கு பெருசா இருக்குற விஷயத்தை கேளுங்க.

காசி குரூப்புக்கு அப்படி பெருசா இருக்குறது ரெண்டு. ரெயில் எத்தனை மணிக்கு வரும்னு சொல்லவே முடியாது, குளிர்காலத்துல மூடுபனில மணிக்கணக்கா லேட் ஆகும், அதனால விடியக்காலைல வந்து இறங்குனா குளிக்க மூணு ரூமாவது உடனே திறந்து விடணும், ராத்திரி 11 மணிக்கு வந்தாலும் சாப்பாடு சூடா இருக்கணும். அதே மாதிரி கிளம்புற அன்னைக்கு சாயங்காலம் தான் ரெயில்னா மதியம் 12 மணிக்கு எல்லாரையும் வெளிய அனுப்பாம ரெண்டு மூணு ரூம் சாயங்காலம் வரைக்கும் வேணும். திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் ஹோட்டல்ல ரூம் காலியா கிடந்தா அவருக்கு இது செலவே இல்ல. எழுபது வயசு அம்மா ஒருத்தங்க மூட்டையோட லாபில மூணு மணி நேரம் உக்காந்திருக்கறதை பாத்தவங்களுக்கு தெரியும், 100 ரூபாய் தள்ளுபடியை விட இது பெருசு.

எந்த மாசத்துல போனா ஹோட்டல் இறங்கி வரும்?

காசில கார்த்திகை பௌர்ணமிக்கு தேவ் தீபாவளி, அன்னைக்கு பேரமே பேச முடியாது, இலவச இடமும் செல்லாதுன்னு மெயில்லயே போட்டுடுவாங்க. சிவராத்திரியும் அப்படித் தான். கிறிஸ்துமஸ்ல இருந்து புது வருஷம் வரைக்கும் கஷ்டம் தான்.

நம்மாளுங்க நிறைய பேருக்கு தெரியாதது கல்யாண சீசன். வடக்க நவம்பர் பாதில இருந்து கல்யாணம், மண்டபம் வச்சிருக்குற ஹோட்டல்ல ஒரு கல்யாண வீட்டுக்காரங்க ரூமும் எடுப்பாங்க விருந்தும் குடுப்பாங்க, நம்ம 21 ரூம் அதுக்கு முன்னாடி நிக்காது. டிசம்பர் நடுவுல இருந்து மகர சங்கராந்தி வரைக்கும் அங்க கர்மாஸ், நமக்கு மார்கழி மாதிரி, கல்யாணம் கிடையாது. அதனால புது வருஷ கூட்டம் கலைஞ்சு சங்கராந்திக்கு முன்னாடி ஒரு சின்ன இடைவெளி இருக்கு, அப்ப மண்டப ஹோட்டல்கள் நல்லா பேசும். ஆனா பிரயாக்ராஜ்ல மாக மேளா எப்ப ஆரம்பிக்குதுன்னு பாத்துக்கங்க, அந்த ஸ்நான நாள்கள் வந்தா காசிலயும் ரூம் இறுகிடும். மூடுபனி ஆபத்தும் அப்ப தான் உச்சம். நான் மூத்தவங்க குரூப்னா ஹோலி முடிஞ்சு மார்ச் தான் எடுப்பேன், குளிரும் இல்ல வெயிலும் ஏறல.

நெட் ரேட், கமிஷன் ரேட், எது வாங்குறது?

குரூப்புக்கு நெட். அவங்க 3,600 சொல்லி 10 சதவீதம் கமிஷன்னா நமக்கு நிக்குறது 3,240, ஆனா கமிஷன் எப்ப கைக்கு வரும்னு பின்னாடி அலையணும், வரியும் 3,600க்கு போட்டுடுவாங்க.

வரின்னு சொன்னதால ஒண்ணு. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு ராத்திரிக்கு 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதுக்கு முன்னாடி 12. அதுக்கு மேல போனா 18. பழைய ரேட் ஷீட்ல "வரி உட்பட"ன்னு ஒரே தொகையா இருந்தா அது 12 சதவீதம் இருந்த காலத்து கணக்கான்னு கேளுங்க. நம்ம குரூப்ல ரெண்டு லட்சத்துக்கு கிட்ட வர்ற பில்லுல 7 சதவீதம்ங்குறது 13,000 ரூபாய்க்கு மேல, இலவச ரூமுக்கு மூணு மெயில் போட்டு கிடைச்சதை விட ஜாஸ்தி.

போன்ல எல்லாம் பேசி முடிச்சாச்சு, இனி மெயில் எதுக்கு?

நீங்க பேசின மேனேஜர் மார்ச் மாசம் அங்க இருக்க மாட்டாரு. சேல்ஸ்ல ஆளு மாறிக்கிட்டே இருப்பாங்க, புதுசா வந்தவருக்கு ஃபைல்ல இருக்குறது மட்டும் தான் தெரியும், ரிசப்ஷன்ல ராத்திரி ஷிஃப்ட்ல நிக்குற பையனுக்கு அதுவும் தெரியாது. போன் வச்ச அரை மணி நேரத்துல நீங்களே எழுதி அனுப்பிடுங்க, அவங்க எழுதுவாங்கன்னு காத்திருக்க வேண்டாம்:

> சார், இப்ப பேசினதை எழுதுறேன், சரியா இருந்தா "சரி"ன்னு ஒரு பதில் போடுங்க. மார்ச் 9 முதல் 12 வரை 21 ரூம், டிபன் ராத்திரி சாப்பாடு சேர்த்து 3,250 ரூபாய், வரி தனி. காசு குடுக்குற 20 பேருக்கு 1 ஆள் இலவசம், டபுள் ரூம்ல பாதி, அதே சாப்பாட்டோட. 40 பேருக்கு 2 பேர், ஒரே ரூம்ல தங்குவாங்க. வந்து இறங்குனதும் குளிக்க 3 ரூம், கிளம்புற நாள் சாயங்காலம் 5 மணி வரைக்கும் 2 ரூம், இதுக்கு தனி காசு இல்ல. பஸ் டிரைவருக்கும் உதவியாளருக்கும் படுக்க இடமும் சாப்பாடும் உண்டு. பிப்ரவரி 16 வரைக்கும் 4 ரூம் வரை அபராதம் இல்லாம குறைக்கலாம். பேர் பட்டியல் பிப்ரவரி 23.

இதுல அவரு "சரி" போட்டு அனுப்புன அந்த பதிலை டூர் மேனேஜர் பிரிண்ட் எடுத்து பையில வச்சுக்கணும், போன்ல மட்டும் வச்சிருந்தா சார்ஜ் இல்லாத நேரத்துல தான் தேவைப்படும்.

அந்த பிப்ரவரி 16 வரி தான் ரேட்டுக்கு அடுத்து முக்கியம். அதை நம்ம ஆள்கள் மீதி பணம் கட்டுற கடைசி தேதிக்கு ஒரு நாலு நாள் பின்னாடி வர்ற மாதிரி கேளுங்க. பிப்ரவரி 12க்குள்ள யாத்ரீகர்கள் கட்டணும்னு சொல்லியிருந்தா யாரு நிஜமா வர்றாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு, ரூமை விட்டுக் குடுக்க நாலு நாள் இருக்கும். மாத்தி வச்சுட்டீங்கன்னா காலி ரூமுக்கு காசு கட்டுவீங்க.

அந்த இலவச இடத்தை இன்னொரு யாத்ரீகருக்கு வித்துக்கலாமா?

ஹோட்டலை பொறுத்தவரை அது "டூர் மேனேஜருக்கு"ன்னு எழுதியிருந்தா கூடாது, எழுதலைன்னா அவங்க கேக்க மாட்டாங்க. ஆனா நான் அதை பாக்குறது வேற மாதிரி. டூர் மேனேஜர் ரூமுக்கு இலவசம் கிடைக்கலைன்னா 3,400 ரேட்ல வரியோட 3 ராத்திரிக்கு 10,710 ரூபாய், 40 பேருக்கு பிரிச்சா தலைக்கு 268 ரூபாய். பேக்கேஜ் விலை போடுறப்பவே அந்த 268ஐ சேர்த்து வாங்கிட்டு, அப்புறம் ரூமும் இலவசமா வாங்கி, அதை இன்னொருத்தருக்கும் வித்தா ஒரே கட்டிலுக்கு ரெண்டு தடவை காசு வாங்குன மாதிரி. அந்த ஆட்கள் பென்ஷன் காசுல வர்றவங்க. நான் இலவசம் உறுதியானதுக்கப்புறம் தான் விலையை அறிவிப்பேன், முன்னாடியே அறிவிச்சிருந்தா அந்தக் காசுல ஒரு நாள் படகுக்கோ மதிய சாப்பாட்டுக்கோ போட்டுடுவேன்.

குழுத் தலைவர் இலவசமா வர்றாருங்குறதை குரூப்ல மத்தவங்களுக்கு மறைக்கவும் வேண்டாம். ரெயில்ல ரெண்டாவது நாள் எப்படியும் பேச்சு வரும்.

மெயில் போட்டு பத்து நாளாச்சு, பதிலே இல்ல?

முதல் மெயில் போட்ட அன்னைக்கே ஹோட்டல் நம்பருக்கு போன் போட்டு சேல்ஸ்ல யாரு குரூப் பாக்குறாங்கன்னு பேர் கேட்டு, அவரு மெயிலுக்கு நேரா அனுப்புங்க, பொது முகவரிக்கு போனது பல நேரம் ரிசர்வேஷன்ல கிடக்கும். மூணு நாள்ல பதில் இல்லன்னா அதே மெயிலுக்கு கீழயே ரெண்டு வரி: "சார், இன்னொரு ஹோட்டல் 21 ரூமை வெள்ளிக்கிழமை வரைக்கும் பிடிச்சு வச்சிருக்காங்க, உங்க இடம் எங்களுக்கு வசதி, அதுக்குள்ள சொன்னா உங்களையே எடுத்துக்குறோம்." இது நிஜமா இருந்தா மட்டும் எழுதுங்க, காசி மாதிரி ஊர்ல சேல்ஸ் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் நல்லா தெரிஞ்சவங்க, பொய்னு ஒரே போன்ல தெரிஞ்சுடும்.

பதில் வராததுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 30 ரூம் ஹோட்டல்ல 21 ரூம் கேட்டா அது அவங்க ஹோட்டல்ல பெரும்பாலானது, அந்த தேதில கல்யாண பார்ட்டி ஒண்ணு பேச்சுல இருந்தா உங்களுக்கு இல்லன்னும் சொல்ல மனசில்லாம ஆமான்னும் சொல்ல முடியாம இழுப்பாங்க. அப்படி தோணுச்சுன்னா நேரா கேட்டுடுங்க, "தேதி தான் பிரச்சனையா, ரெண்டு நாள் தள்ளி வந்தா முடியுமா"ன்னு. திருச்சில இருந்து போற ரெயில் டிக்கெட் எடுக்குறதுக்கு முன்னாடி கேட்டா தான் இதுக்கு அர்த்தம் இருக்கு, 42 பேர் டிக்கெட் கைல வந்தாச்சுன்னா தேதியை அசைக்க முடியாது, அது அவருக்கும் தெரியும், ரேட் அதுக்கப்புறம் இறங்காது.